மொட்டைக் கடுதாசிக்குக் குழி சொல்லும் சாட்சி

"மொட்டைக் கடுதாசிதானே, கட்டிப் போடுங்க சார்!" நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் நில அளவையராக இருந்த காலத்தில் அடிக்கடி கேட்ட வார்த்தை இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பகை தீர்க்க எழுதுபவர்களும் உண்டு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே 1999-ல், பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்றது.

ஆனால், பெயர் போட்டவருக்கு என்ன ஆனது? திருமயம் பகுதி கல்குவாரி முறைகேடுகளைப் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று டிப்பர் லாரி மோதி இறந்தார். முதலில் விபத்தாகத் தெரிந்தது, பிறகு கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகு கையெழுத்தில்லாமல் ஒரு மனு வந்தால், அதைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எழுதியவரைக் கேட்க முடியாது. ஆகவே அளந்து பார்க்கக்கூடியது எது என்று மனுவில் தேட வேண்டும். "கொள்ளை நடக்கிறது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இந்த சர்வே எண்ணில் அனுமதிக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள்" என்றால் அளந்துவிடலாம்.

குழி 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். 20,000 கன மீட்டர் ஆகிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.6 டன் எடை. ஆக 52,000 டன். கழிவுக் கல்லாக அங்கேயே குவிந்திருப்பது 4,000 டன் என்றால், வெளியே போனது 48,000 டன். நடைச்சீட்டுகளைக் கூட்டினால் 30,000 டன்தான் வருகிறது. மீதி 18,000 டன்னுக்குக் குத்தகைதாரர் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கை டன்னில்தான் போட வேண்டும். உடைத்த கல்லுக்கு இடையில் காற்று இருப்பதால் லாரியில் கன அளவு கூடிவிடும். அதைக் குழியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். குழியில் தண்ணீர் நின்றால் ஆழத்தை உத்தேசமாகச் சொல்லக் கூடாது. இறைக்க வேண்டும், அல்லது படகில் போய்க் கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். யார், எப்போது வெட்டினார்கள் என்பதைக் குழி சொல்லாது. முந்தைய குத்தகைதாரர் வெட்டிய பகுதியைப் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத்தான் கழிக்க முடியும்.

இன்னொரு காரியமும் முக்கியம். மனுவின் நகல் குவாரிக்காரர் கைக்கோ, ஊர்க்காரர் கைக்கோ போகக் கூடாது. கையெழுத்தை வைத்து, "இவராகத்தான் இருக்கும்" என்று நாம் ஊகித்தால், எழுதாத ஒருவர் மாட்டிக்கொள்வார். அந்த ஒரு குவாரியை மட்டும் அளந்தாலும் சந்தேகம் பக்கத்து வயல்காரர் மேல்தான் விழும். அந்த வரிசையில் இருக்கும் எல்லாக் குவாரிகளையும் அளந்துவிட்டால், எந்த மனுவுக்காக வந்தோம் என்று யாருக்கும் தெரியாது.