தங்கைக்கு ஒரு மாதம்

ஊரிலிருந்து உறவினரைக் கொல்கத்தாவுக்கு அழைப்பதென்றால் டிசம்பரே சிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வெயில் இல்லை, வியர்வை இல்லை. நானும் அவ்வாறே எண்ணி, ஆஸ்துமா உள்ள என் தங்கையை மதுரையிலிருந்து 2023 டிசம்பரில் வரவழைத்தேன். மூன்றாம் நாள் இரவு அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அண்ணா, மூச்சு வரலே" என்றாள்.

காற்றின் நிலையைப் பார்க்காமலா அழைத்தேன்? பார்த்தேன், ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்த்தேன். பிழை அங்கேதான். பகலில் சூடேறிய காற்று மேலெழுந்து, புகையையும் தூசியையும் உயரே கலைத்துவிடும். குளிர்கால இரவிலோ தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் அமர்கிறது. வண்டிப் புகையும் அடுப்புப் புகையும் அம்மூடியின் கீழே தேங்குகின்றன.

ஆகவே அடுத்த முறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவுகளில் விக்டோரியா நினைவகம், யாதவ்பூர் நிலையங்களின் மணிவாரிக் கணக்கை எடுத்தேன். நுண்துகளுக்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். டிசம்பரில் பல நாட்கள் அதைத் தாண்டின. இரவுகள் இன்னும் மோசம். ஆகஸ்டில் மழை தூசியைக் கழுவிவிடுவதால் பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது.

அப்படியானால் பூஜை விடுமுறைக்கு அழைக்கலாமே என்றனர் விடுதித் தோழர்கள். அங்கே வேறொரு தடை இருந்தது. மதுரை மருத்துவர் செய்த தோல் சோதனையில் புல்லின் மகரந்தம் அவளுக்கு ஒவ்வாது என்று தெரிந்திருந்தது. வங்கத்தில் மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில்தான் புல்மகரந்தம் காற்றில் மிகுதி. நாணற்பூ வெண்மையாய் அசைவது அப்பருவத்தின் அடையாளம். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சு விதையைச் சுமப்பது. மகரந்தமோ கண்ணுக்குத் தெரியாது. காற்றுத்தரக் குறியீட்டில் மகரந்தத்துக்கு இடமே இல்லை! எண் நன்றாயிருந்தும் இழுப்பு வரலாம். அதனால் குறியீட்டை மட்டும் நம்பாமல், நோயாளியின் சோதனைச் சீட்டையும் பூக்கும் பருவத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

எனவே ஆகஸ்டைத் தேர்ந்தேன். ஆகஸ்டிலும் குறையுண்டு: ஈரத்தில் பூஞ்சை வளரும். சுவரில் கருந்திட்டு இல்லாத, மேல்மாடி அறையொன்றை முன்கூட்டியே பார்த்து வைத்தேன். மருத்துவர் சொன்னபடி உறிஞ்சு மருந்துகளையும் அவள் தவறாமல் கொண்டுவந்தாள்.

2024 ஆகஸ்டில் பத்து நாள் தங்கினாள். இரண்டு நாள் மழையில் நனைந்தோம், ஒருநாள் தும்மினாள். இரவுகளில் மட்டும் நன்றாக உறங்கினாள். நான்தான் விழித்திருந்து, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.