சாப்பிட்டாச்சு

இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ரயிலில் மயங்கப் போனேன், முன்பின் தெரியாத ஒருவர் காப்பாற்றினார் என்று. கேட்டவர்கள் எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். அவர்களிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

எழும்பூரிலிருந்து காலையில் புறப்படும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆர்.ஏ.சி. டிக்கெட். பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். எனக்கு எதிரே முப்பது வயதுக்காரர் ஒருவர். மடியில் துணிப்பை. அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் கொண்டு போகிறேன், அரியலூரில் இறங்க வேண்டும் என்றார். நான் ஊர் கேட்டேன். சொன்னார். "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி எதற்கு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. என் முகத்தை நேராகப் பார்த்து, "காலனிங்க ஐயா" என்றார்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். காலையும் இரவும் 30/70 இன்சுலின். அதில் முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்யும். எழுபது பங்கு மெதுவாக ஏறி, காலையில் போட்ட ஊசி மத்தியானத்தில்தான் முழு வேகம் காட்டும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இருக்க வேண்டும். அன்று ஏழரைக்கு ஊசி போட்டு மூன்று இட்லி சாப்பிட்டேன். மருமகள் கட்டி வைத்த தயிர்சாதத்தை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

விருத்தாசலம் வந்தபோது அவர் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூடியில் ஒரு பங்கு எடுத்து வைத்து என் பக்கம் நீட்டினார். "நானே செஞ்சதுங்க. கொஞ்சம் எடுத்துக்குங்க."

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

காலையிலிருந்து அவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். மூடியை மெல்ல இழுத்துக்கொண்டார். எனக்குப் பசித்தது. சாப்பாடு விற்கிறவர் வந்தபோதும் வாங்கவில்லை. சாப்பிட்டாச்சு என்று சொன்ன வாயால் அவர் முன்னால் எப்படி வாங்குவது? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பிடிவாதம்.

அரை மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. பிடரியில் குளிர்ந்த வியர்வை. சட்டை முதுகோடு ஒட்டியது. நாக்கு குழறியது. அடுத்த பகுதியில் யாரோ, "பகல்லயே ஏத்திட்டாரு போல" என்றது காதில் விழுந்தது. எதிரே இருந்தவர் மட்டும் எழுந்து வந்தார். "ஐயா, ஊசி போடுறவரா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வரும்."

சீர்ப் பையைப் பிரித்து டைமண்ட் கற்கண்டை எடுத்தார். தண்ணீர் பாட்டிலில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினார். வாயருகே கொண்டுவந்தார். நான் தட்டிவிட்டேன். தாழ்சர்க்கரையில் புத்தி தடுமாறும், எரிச்சல் வரும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அந்தச் சாக்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். யார் கையைத் தட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கற்கண்டுத் தண்ணீர் திறந்திருந்த பையில் கொட்டியது. உள்ளே பச்சைப் பட்டுப்பாவாடை. அரக்கு நிறக் கரையில் ஈரம் பரவியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கலக்கினார். "முழுங்க முடியுதா? மெதுவா, மெதுவா" என்று வாய் வாயாகக் கொடுத்தார். குடித்தேன்.

அப்போது அரியலூர் வந்தது. அவர் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. சர்க்கரைத் தண்ணீரின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், மேலே சோறு சாப்பிடாவிட்டால் மறுபடி இறங்கும் என்று டப்பாவைக் கையில் கொடுத்தார். அவருடைய எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நான் சாப்பிடும்போது அவர் போனில் பேசினார். "நல்ல நேரம் போயிடும்க்கா. பெரியப்பா மடியில உட்கார வச்சுக் குத்திடுங்க. நான் திருச்சி போயிட்டுத் திரும்பி வர்றேன்."

தாய்மாமன் மடியில் நடக்க வேண்டிய காதுகுத்து. அந்தக் குழந்தைக்கு அது ஒரு முறைதான். நான் ஒரு பிடி சோற்றை வாங்கியிருந்தால் அவர் அரியலூரில் இறங்கியிருப்பார்.

திருச்சியில், ஈரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வேளைக்குச் சாப்பிடுங்க ஐயா" என்று சொல்லி இறங்கினார். நான் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். பாவாடைக்குப் பணம் கொடுக்கவும் தோன்றவில்லை.

அவரிடம் ஊரைக் கேட்டேன். தெருவைக் கேட்டேன். பேரைக் கேட்கவில்லை.