மாடி வீட்டுக்கு ஒரு கடிதம்

ஹைதராபாத்தில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஆய்வு மாணவி ஒருத்தி, மூன்றாம் தளத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத கடிதம். எழுதி முடிக்க நான்கு நாட்களாயின. மொழியியலில் முதுகலை முடித்தவள். வேண்டுகோள் வாக்கியங்களைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவள். அந்தப் படிப்பு உதவியாக இருந்ததா, இடைஞ்சலாக இருந்ததா என்பதை வாசிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

இரவு பத்தரைக்குப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஆய்வேட்டை எழுதுவது அவள் வழக்கம். பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேலே நாற்காலி இழுபடும். வாரத்தில் இரண்டு நாள் பதினொரு மணிக்குக் கிரைண்டர் ஓடும். சன்னல்களை அடைத்துப் பார்த்தாள். தெருவின் இரைச்சல் அடங்கியதே தவிர இந்த ஓசை அடங்கவில்லை. இதைக் கொண்டே ஓசையின் வகையை அறியலாம். காற்றின் வழியே வருவது கதவையும் சன்னலையும் அடைத்தால் குறையும். நாற்காலிக் கால் தரையில் உரசும்போது எழும் அதிர்வோ கான்கிரீட் தளத்தின் வழியே இறங்கி, கீழ் வீட்டின் கூரை முழுவதையும் ஓசையெழுப்பும் பரப்பாக மாற்றிவிடுகிறது. தளத்தின்மேல் நேராகக் கலவை பூசி ஓடு பதிப்பதே நம் ஊர் வழக்கம்; அதிர்வை வாங்கிக்கொள்ள இடையில் எதுவும் இருப்பதில்லை. ஆகவே மேல் வீட்டில் சிறு கிறீச்சொலியாக இருப்பது கீழ் வீட்டில் இடியோசை. மேலே இருப்பவர்களுக்கு இது தெரிவதற்கு வழியே இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

கான்கிரீட்டின் இன்னொரு குணம், அதிர்வைப் பக்கவாட்டிலும் கடத்துவது. தலைக்கு நேர் மேலே கேட்பதாகத் தோன்றும் ஓசை அடுத்த வீட்டிலிருந்தோ இரண்டு மாடி தள்ளியோ வந்திருக்கலாம். எனவே அவள் உடனே எழுத உட்காரவில்லை. பத்து இரவுகள் நேரத்தையும் ஓசையின் வகையையும் ஒரு தாளில் குறித்தாள். அவற்றில் இரண்டு இரவுகள் மேல் வீட்டார் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த இரண்டு இரவுகளும் அமைதியாகக் கழிந்தன. அதன் பிறகே யாருக்கு எழுதுவது என்பது உறுதியாயிற்று.

எழுதுவதில் அவளுக்கு இருந்த தயக்கம் சிறியதன்று. தனியாக வாடகைக்கு இருக்கும் பெண் ஒரு புகார் சொன்னால், அது வீட்டு உரிமையாளரின் காதுக்குப் போகும்போது புகாராக இருப்பதில்லை, வம்பாகிவிடும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதங்கள் இருக்கையில் வீடு தேடி அலைய அவளால் இயலாது. மேலும், அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுபவர்கள் அவர்கள் மட்டுமே. மாடி வீட்டு அக்கா ஒரு பள்ளியில் ஆசிரியர். காய்ச்சல் வந்த வாரம் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தனுப்பியவர்.

பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதி 1987இல் நூலாக வந்த பணிவுக் கோட்பாட்டை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் வட்டாரச் சிற்றூர் ஒன்றின் பேச்சு அதில் சான்றாக நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் காத்துக்கொள்ள ஒரு முகம் உண்டு, வேண்டுகோள் அந்த முகத்தை உரசுகிறது என்பது கோட்பாட்டின் அடிப்படை. முகத்திலடித்தாற்போலப் பேசுவதையும் முகங்கொடுத்துப் பேசுவதையும் பிரித்தறிந்த மொழிக்கு இது புதிய செய்தியன்று. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் உள்ள தொலைவு, கேட்கப்படுபவரின் செல்வாக்கு, கேட்கும் பொருளின் கனம் ஆகியவை கூடக்கூடச் சொல்லும் முறை மறைமுகமாகும் என்கிறது அது. அதன்படி அவள் குறிப்பாகத்தான் உணர்த்தியிருக்க வேண்டும். உணர்த்தியும் பார்த்தாள். மின்தூக்கியில் ஒருநாள், “இப்போதெல்லாம் இரவில் தூக்கமே வருவதில்லை அக்கா” என்றாள். பாலில் ஜாதிக்காயை உரைத்துக் குடிக்கச் சொன்னார் அக்கா. மறுநாள் ஜாதிக்காயும் வந்தது.

முதல் வரைவை அவள் இரவு ஒரு மணிக்கு எழுதினாள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அதில் இருந்தன: இரவு பத்து முதல் காலை ஆறு வரை, குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல். காலையில் படித்துவிட்டு அதை ஒதுக்கினாள். அந்த வரம்பு ஒரு பகுதியின் சுற்றுப்புற ஒலிக்கு உரியது. விதிகளின் கவனம் பெரிதும் ஒலிபெருக்கி, பட்டாசு, வாகன ஒலிப்பான், கட்டுமான எந்திரம் ஆகியவற்றின்மேல் இருக்கிறது. சாப்பாட்டு மேசையின் நாற்காலிக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுவருவது கொசுவுக்குக் கோடரி. கைப்பேசியில் அளந்த டெசிபலுக்கும் சான்று மதிப்பு கிடையாது. சட்டத்தைக் குறிப்பிட்ட கடிதத்துக்குப் பின் கஞ்சி வரப்போவதுமில்லை.

இரண்டாம் வரைவில் வினைகள் இடறின. “நாற்காலியை இழுக்கிறீர்கள்” என்று எழுதினால் இழுப்பவர் எழுவாயாக வந்து கூண்டில் நிற்கிறார். “நாற்காலி இழுபடுகிறது” என்றால் நாற்காலியும் ஓசையும் மட்டும் மிஞ்சுகின்றன. இழுத்தவரைத் தேட வேண்டியதில்லை. இதைப் போலவே, “என்னைத் தூங்கவிடுவதில்லை” என்பதற்கும் “எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது” என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பசி, குளிர், தூக்கம், கோபம் எல்லாம் நான்காம் வேற்றுமையில் ‘எனக்கு’ வருகின்றன. யாரும் அவற்றைச் செய்வதில்லை. குற்றஞ்சாட்டாமல் துன்பத்தைச் சொல்லத் தமிழ் தரும் இந்த வசதியைக் கட்டுரைகளில் விளக்கியவளுக்கு, அது தனக்கே தேவைப்பட்டபோது நினைவுக்கு வர இரண்டு நாட்கள் பிடித்தன.

அடுத்த இடறல் ‘நாங்கள்’. ‘நான்’ என்று எழுதக் கூச்சப்பட்டு, “எங்களுக்குச் சிரமமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். படிப்பவருக்கு அது எப்படி ஒலிக்கும்? கட்டடத்தில் உள்ள எல்லோரும் கூடிப் பேசி, அந்த ஒரு குடும்பத்தை மட்டும் வெளியே நிறுத்திவிட்டதாக ஒலிக்கும். துன்பத்தைச் சொல்ல ‘எனக்கு’, கட்டடத்தைச் சொல்ல ‘நம்’ என்று பிரித்துக்கொண்டாள். தளம் மெலிதென்றால் அது நம் இருவருக்கும் பொதுவான குறை.

கடைசியில் வேண்டுகோள். “சத்தத்தைக் குறைக்கவும்” என்பது அறிவிப்புப் பலகையின் மொழி; மருத்துவமனைச் சுவரில் நிற்கலாம், அக்காவிடம் போகக்கூடாது. ‘தயவுசெய்து’ சேர்த்தால் பணிவு கூடும் என்று எண்ணுவது பிழை. பேச்சில் அரிதாக வரும் அச்சொல், தெரிந்தவருக்கு எழுதும் கடிதத்தில் ஒன்று அலுவலகக் கடிதமாகத் தொனிக்கும், அல்லது பொறுமை இழந்தவரின் கடைசி எச்சரிக்கையாகத் தொனிக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்வது வேறொரு தொடர்: தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்படித் திருந்தி வந்த கடிதம் இது.

“அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் நான் நூலகத்தில் இருக்கிறேன்; அதனால் எழுதுகிறேன். தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் கட்டடத்தில் தளம் மெலிதோ என்னவோ, மேலே நாற்காலி நகர்ந்தால் கீழே அப்படியே கேட்கிறது. மேலே இருப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. இரவு பன்னிரண்டு மணி வாக்கில் நாற்காலி இழுபடும் ஓசையிலும், செவ்வாய், வெள்ளி இரவுகளில் கிரைண்டர் ஓசையிலும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு இரண்டு மணி வரை தூக்கம் பிடிப்பதில்லை. மூன்று மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்துதான் எழுதுகிறேன்.

தம்பி வேலை முடிந்து அந்த நேரத்துக்குத்தான் வந்து சாப்பிட முடியும் என்பது தெரியும். அதை மாற்றச் சொல்லவில்லை. நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டும் துண்டுகள் பதினாறு இத்துடன் வைத்திருக்கிறேன். கிரைண்டரை மட்டும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும். முடியாதென்றாலும் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

என் வீட்டிலிருந்து ஏதாவது ஓசை வந்து தொல்லையாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீழ் வீட்டுத் தங்கை”

கேட்டவை இரண்டுதான், இரண்டும் செய்யக்கூடியவை. “இரவில் சத்தம் அதிகமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தால், எதைக் குறைப்பது என்று தெரியாமல் அவர்கள் தொலைக்காட்சியைக் குறைத்திருப்பார்கள். அரிசியை எப்போது ஊறவைக்க வேண்டும் என்று அவள் எழுதவில்லை. அடுத்தவர் அடுக்களைக்கு வழி சொல்வது எந்தப் பணிவு வாய்பாட்டிலும் அடங்காது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போடவில்லை. அங்கே நாற்பது வீடுகளின் முன்னிலையில் சொல்லப்படுவது வேண்டுகோளாகவே இராது. அக்கா கொடுத்தனுப்பிய பாத்திரம் ஒன்று அவளிடம் இருந்தது. அதனுடன் கடிதத்தையும் சேர்த்துத் தருவோமா என்று யோசித்து, வேண்டாமென விட்டாள். பாத்திரத்தோடு போனால் கஞ்சிக்குக் கணக்கு முடித்ததாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கடித உறையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் அக்கா பிடித்துக்கொண்டார். “இதை நேர்லயே சொல்லியிருக்கலாமேம்மா, இதுக்கு எதுக்குக் கடுதாசி?” குரலில் சிறு வருத்தம் இருந்தது, கடிதம் எழுதுவதே ஒரு தொலைவு என்பதை எந்த வினைத்திரிபாலும் சரிக்கட்ட முடிந்திருக்கவில்லை. ஹைதராபாத்திலேயே படித்து வளர்ந்த மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அக்காதான் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார், பேச்சுத் தமிழில், தன் சொற்களில். நான்கு நாள் செதுக்கிய வாக்கியங்களில் எத்தனை அவன் காதுக்குப் போயின என்பதை அவள் கேட்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஊறவைப்பதால்தான் அரைக்கப் பதினொன்றாகிவிடுகிறது என்றார் அக்கா. இப்போது பள்ளிக்குக் கிளம்புமுன் அரிசியை ஊறவைக்கிறார். உளுந்து வெயிலில் புளித்துவிடாமல் குளிர்பதனப் பெட்டியில் ஊறுகிறது. மாலை ஏழு மணிக்குக் கிரைண்டர் ஓடி முடிகிறது. நாற்காலித் துண்டுகளின் ஆயுள் ஐந்து வாரம். மண்ணும் முடியும் சேர்ந்து பசை விட்டுப்போக, ஒரு நள்ளிரவில் பழைய ஓசை திரும்பி வந்தது. அவள் எதுவும் சொல்வதற்குள் அக்காவே வன்பொருள் கடையில் ரப்பர் தொப்பிகளை வாங்கிக் கால்களில் மாட்டிவிட்டார். அவை கழலுவதில்லை.

மகனின் குதிகால் நடை மட்டும் இன்னும் கேட்கிறது. பன்னிரண்டே காலுக்கு, மேசையிலிருந்து படுக்கையறை வரை, பதினோரு எட்டு. அதற்கு அவள் கடிதம் எழுதவில்லை.