‘நெகட்டிவ்’ என்ற ஒரே ஒரு வார்த்தையை நம்பினேன்

கேள்வி-பதில் பக்கத்தில் நம் வாசகர்கள் எலித் தொல்லை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வரப்பை எலி குடைகிறது, கதிரைக் கத்தரிக்கிறது, கிட்டி வைப்பதா, மருந்து வைப்பதா என்பதுதான் கேள்வியாக இருக்கும். எனக்கும் போன ஐப்பசி வரைக்கும் எலி என்றால் மகசூல் இழப்பு மட்டும்தான். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நான் செய்த ஒரு தவறை மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

டெல்டாவில் எனக்கு இரண்டரை ஏக்கர் சம்பா. வரப்பு வேலைக்கெல்லாம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர்தான் வருவார். நாற்பத்திரண்டு வயது. அவர் அண்டை வெட்டினால் வரப்பு நூல் பிடித்த மாதிரி இருக்கும். கிட்டி வைப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து, எலி வளை வழியாகத் தண்ணீர் ஓடி, இரண்டு இடத்தில் வரப்பு உடைந்தது. மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்று வளைகளை வெட்டி அடைத்தார். கிட்டியில் விழுந்த எலிகளை வெறுங்கையால்தான் எடுத்துப் போட்டார். அவருடைய கால் விரல் இடுக்கில் அப்போது சேற்றுப்புண் இருந்தது. அதை அவரும் பெரிதாக எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. மழைக்காலக் காய்ச்சல் என்று திங்கட்கிழமை மாத்திரை வாங்கிப் போட்டார். செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. நான்தான் வண்டியில் வைத்து டவுனுக்கு அழைத்துப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர், “என்ன வேலை பார்க்கறீங்க?” என்று முதலில் கேட்டார். வரப்பு வேலை என்றதும் காலைப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார். அண்ணன் வலி தாங்காமல் காலை இழுத்துக்கொண்டார். டெங்கு, டைபாய்டு, மலேரியாவோடு எலிக்காய்ச்சலுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். “ரிசல்ட் வர சாயந்தரம் ஆகும். நீங்க இந்த மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடுங்க” என்று டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளுக்கு எழுதிக்கொடுத்தார். வியாழக்கிழமை திரும்ப வரச் சொன்னார்.

சாயங்காலம் ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். எலிக்காய்ச்சல் ஆன்டிபாடி, ஐ.ஜி.எம்., என்ற வரிக்கு எதிரே ‘நெகட்டிவ்’ என்று இருந்தது. மற்ற காய்ச்சல்களும் இல்லை. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. கிரியாட்டினின் 1.3, பிலிருபின் 1.4, தட்டணுக்கள் 1,20,000. அவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். கொஞ்சம்தானே கூடக் குறைய என்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு அண்ணன் வாந்தி எடுத்துவிட்டார். அண்ணி என்னிடம் வந்து, “இல்லைன்னுதானே தம்பி போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?” என்று கேட்டார். “ஆமாம் அண்ணி, நிறுத்திடுங்க” என்று சொன்னது நான்தான். வியாழக்கிழமையும் டாக்டரிடம் போகவில்லை.

புதன்கிழமையே அவர் கண் இரண்டும் சிவந்துவிட்டன. தெருவில் எல்லாரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். இப்போது யோசித்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. மெட்ராஸ் ஐ என்றால் பூளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும். அண்ணனுக்குப் பூளையே இல்லை. வெள்ளை விழி மட்டும் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கூடவே இருந்தன. கடையில் சொட்டு மருந்தும், உடம்பு வலிக்கு ஊசியும் போட்டுக்கொண்டார். அந்த வலி ஊசி ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அடி என்பது எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை சிவப்புக் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. காமாலை, கீழாநெல்லி கொடுக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அண்ணி அழுத அழுகையில் நான் யாரையும் கேட்காமல் வண்டி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த பெண் டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டை நீட்டி, “எலிக்காய்ச்சல் இல்லைன்னு வந்திடுச்சும்மா” என்றேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?” என்று கேட்டார். ஞாயிறு என்றேன். “ரத்தம் எடுத்தது மூணாவது நாள். அன்னைக்கு நெகட்டிவ்னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க” என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. உடம்பு அதைத் தயாரித்து, கருவியில் தெரியும் அளவுக்குச் சேர்க்க, காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். விதைத்த மூன்றாம் நாள் வயலைப் பார்த்துவிட்டு முளைப்பே இல்லை என்று முடிவு கட்டுகிற மாதிரிதான் நான் செய்தது. முதல் ரத்தத்தில் தெரியாவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாம் முறை பார்க்க வேண்டும். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அதனால்தான் டவுன் டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை எழுதியிருக்கிறார்.

அன்று எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 3.4 இருந்தது. ஆண்களுக்கு ஏறக்குறைய 1.2 வரைதான் இருக்கலாம். யூரியா 112, அது 40-க்குள் இருக்க வேண்டும். 1-க்குள் இருக்க வேண்டிய பிலிருபின் 6.8. ஆனால் கல்லீரல் செல் அழிவதைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி. 128, எஸ்.ஜி.பி.டி. 96 மட்டும்தான். தட்டணுக்கள் 58,000-க்கு இறங்கியிருந்தன.

டாக்டர் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். “வைரஸ் காமாலையா இருந்தா இந்த எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். இவருக்குக் கண்ணு இவ்வளவு மஞ்சள், ஆனா இது நூறுகூட இல்லை. அதோட கிட்னி அளவும் ஏறியிருக்கு. சேத்துல வேலை, சிவந்த கண்ணு, கெண்டைக்கால் வலி, இதெல்லாம் சேர்ந்தா நான் இன்னொரு டெஸ்டுக்குக் காத்திருக்க மாட்டேன்” என்றார். அரை மணி நேரத்தில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி நரம்பில் ஏறியது.

“ஒன்னுக்கு நல்லாத்தானே போகுதும்மா, அப்புறம் எப்படி கிட்னி?” என்று அண்ணி கேட்டார். நானும் அதையேதான் நினைத்தேன். எலிக்காய்ச்சலில் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்றார் டாக்டர். தண்ணீர் வெளியேறும், கழிவு உள்ளே தங்கும். எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் சிறுநீரை அளந்து குறித்ததோடு, தினமும் ரத்தமும் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் நாள், கிரியாட்டினின் 5.6. சிறுநீரும் குறைந்துவிட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட அண்ணிக்குக் கை ஓடவில்லை. வாழ்க்கை முழுக்க இதுதானா என்று கேட்டார். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பெரும்பாலும் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அதுவரைக்கும்தான் இந்த ஒத்தாசை என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை செய்தார்கள். அந்த வாரம் நான் வயலுக்கே போகவில்லை. போகத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் எடுத்த ரத்தத்தில் அதே ஐ.ஜி.எம். ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அதற்குள் காய்ச்சல் இறங்கி, கிரியாட்டினின் 4-க்குக் கீழே வந்திருந்தது. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 1.1. கண்ணும் வெளுத்துவிட்டது.

பயத்தில் நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு லேசாகப் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் கால் தளர்ந்துவிட்டது. டாக்டர் சிரித்தார். “காய்ச்சல் இல்லை, கிட்னி, கல்லீரல் அளவு எல்லாம் சரியா இருக்கு. எப்பவோ வந்து போனதா இருக்கும். இந்த எதிர்ப்பொருள் மாசக்கணக்குல ரத்தத்துல தங்கும்” என்றார். நெகட்டிவ் என்றாலும் பாசிட்டிவ் என்றாலும் அந்த ஒரு வரி மட்டும் முடிவு சொல்லாது என்பதை அன்று இரண்டாம் முறை தெரிந்துகொண்டேன். காய்ச்சல் எத்தனையாவது நாள், என்ன வேலை செய்தார், சிறுநீரகம், கல்லீரல் அளவுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், உர வரவு எழுதும் நோட்டிலேயே முதல் நாளின் தேதியையும், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் சேற்றில், மாட்டுக் கொட்டிலில் செய்த வேலையையும் குறிக்கிறேன். எலி மட்டுமல்ல, மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வரலாம். ஆஸ்பத்திரியில் கேட்காவிட்டாலும் அந்த இரண்டையும் நாமே சொல்லிவிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடக் கூடாது. 1.3 என்பது பிறகு 3.4 ஆனது முதல் தாள் கையில் இருந்ததால்தான் டாக்டருக்குத் தெரிந்தது. டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேறு மருந்து உண்டு என்பதால் அதைப் பகிர்ந்து போடக் கூடாது. கேரளத்தில் வெள்ளக் காலத்தில் சேற்றில் இறங்குபவர்களுக்கு வாரம் ஒரு முறை முன்கூட்டியே இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், நீங்களாகப் போட வேண்டாம்.

இந்தக் குறுவைக்கு அண்ணன் மறுபடி வரப்புக்கு வந்துவிட்டார். நடவுச் சேற்றில் கம்பூட்ஸ் போட்டு நடக்க முடியாது, ஆனால் அண்டை வெட்டவும் வளை அடைக்கவும் போடலாம். ஒரு ஜோடியும் ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். காலில் புண் இருந்தால் அது ஆறும் வரை தண்ணீரில் இறங்குவதில்லை. கிட்டியை இன்றும் அவர்தான் வைக்கிறார். விழுந்த எலியைக் கையுறை போட்டு எடுக்கிறார். “மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தானே அண்ணே” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். “வண்டி பிடிச்சதும் நீதானே தம்பி” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.