ஜூன் 30க்குள்ள எழுதணும், வெறும் புக் பண்ணினா காணாது

உப்புவெளித் தம்பி ஒருத்தன்ட கையில ஒரு வவுச்சர். அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் சோதனைக்கு, தவறினால் இரண்டாம் முறையும் இலவசம். இரண்டுக்கும் கடைசித் திகதி ஜூன் 30.

"இன்னும் படிக்கலாம்" எண்டு தள்ளித்தள்ளி, ஜூன் 20 அன்றுதான் எழுதினான்.

தேவை 700. வந்தது 688.

உடனே இரண்டாவதைப் புக் பண்ணப் போனால், திரையில் ஜூலைத் திகதிகள்தான். அமேசான் விதிப்படி, தவறினால் 14 நாள் பொறுக்கணும். வவுச்சரோ ஜூன் 30 உடன் செத்துப்போகும். அந்தத் திகதிக்குள் புக் பண்ணினால் போதாது, எழுதியே முடிக்கணும்.

மைக்ரோசொஃப்டில் முதல் தோல்விக்கு 24 மணித்தியாலம்தான். அதுக்குப் பிறகுதான் 14 நாள். சிஸ்கோவில் 5 நாள். ஆளாளுக்கு ஒரு கணக்கு.

கடைசித் திகதியிலிருந்து 14 நாளைப் பின்னுக்கு எண்ணியிருந்தால், முதல் முயற்சி ஜூன் 15 அளவில் முடிஞ்சிருக்கும். "கிளவுட் படிச்சனான், கலண்டர் படிக்கேல்ல" எண்டு தன்னைத்தானே நக்கலடிக்கிறான்.

இப்ப 100 டொலர் கட்டி ஜூலையில எழுதுறதா, அடுத்த வவுச்சருக்குக் காத்திருக்கிறதா? நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?