பச்சை முதலில், காய்ந்தது கடைசியில்!

வெந்தயக்கீரையும் கசூரி மேத்தியும் ஒன்றுதானே, ஒன்று பச்சை, மற்றது காய்ந்தது, அவ்வளவுதானே என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி நினைத்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால், அன்றைய குழம்பை யாரும் இரண்டாவது முறை ஊற்றிக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பதால், வேலைக்கும் படிப்புக்கும் வந்த வட இந்தியக் குடும்பங்கள் நிறைய. எங்கள் மாடியில் குடியிருக்கும் ராஜஸ்தான் அம்மா ஊருக்குப் போய் வந்தபோது ஒரு பை கசூரி மேத்தி கொடுத்தார். அன்று கடையில் கீரை கிடைக்கவில்லை. என் மாமியார் அதில் இரண்டு கைப்பிடி எடுத்து, பருப்போடு சேர்த்து வேகவைத்து சாம்பார் வைத்துவிட்டார். நிறமும் கறுத்து, நாக்கில் போகாத கசப்பு. மாமா ஒன்றும் சொல்லாமல் ரசம் கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் மாடி வீட்டம்மா சிரித்துவிட்டார். “அக்கா, அது கீரை இல்லை. கொத்தமல்லித் தழை மாதிரி, கடைசியில் வாசனைக்குப் போடுவது!”

உண்மையில் இரண்டும் வேறு வேறு செடிகள். நாம் வெந்தயம் விதைத்து வளர்க்கும் கீரை ஒன்று. கசூரி மேத்தி அதன் நெருங்கிய உறவான, சின்ன இலையும் தூக்கலான மணமும் கொண்ட இன்னொரு செடி. இன்று பாகிஸ்தானில் இருக்கும் கசூர் என்ற ஊரால் வந்தது அந்தப் பெயர். இப்போது நம் நாட்டில் ராஜஸ்தானின் நாகௌர் பகுதி இதற்குப் பேர்போனது.

பச்சைக்கீரையின் கசப்பு சட்டென்று தெரியும். ஆனால் எண்ணெய், உப்பு, புளிப்பு, பருப்பு சேர்ந்தால் அடங்கிவிடும். அதனால் அது முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு சாம்பார் என்றால், தண்டை நீக்கி ஆய்ந்த இலை இரண்டு கப் போதும். கழுவிய பிறகு நறுக்குங்கள். ரொம்பப் பொடியாக வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் கீரையைப் போட்டு, மூடாமல் மூன்று, நான்கு நிமிடம் வதக்குங்கள். இலை சுருங்கி, பச்சை வாசனை போன பிறகுதான் புளித்தண்ணீர். அது கொதித்துக் குறைந்ததும் வெந்த பருப்பு. தாளிப்பில் வெந்தயம் போடாதீர்கள், கசப்பு இரட்டிப்பாகும். கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டால் சுவை கூடும்.

கசூரி மேத்தி இதற்கு நேர் எதிர். காய்ந்த இலை மணத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடும். மேலும் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். கசப்பு மட்டும் குழம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். நாலு பேருக்கான பனீர் கிரேவிக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். வெறும் வாணலியில் சிறு தீயில் இருபது விநாடி சூடு காட்டி, ஆறியதும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்துப் பொடியுங்கள். கிரேவியில் எண்ணெய் பிரிந்த பிறகு தூவி, ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மணம் தூக்கும். வாணலியில் இலை பழுப்பாகிவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். கருகிய கசப்பை எதனாலும் சரிசெய்ய முடியாது. சற்று கூடிப்போனால் மட்டும், இரண்டு ஸ்பூன் பாலாடையோ முந்திரி விழுதோ கலந்தால் ஓரளவு அடங்கும்.

மாற்றிப் போட்டாலும் வம்புதான். கிரேவி இறக்கும் நேரத்தில் பச்சை வெந்தயக்கீரையைத் தூவினால் புல் வாசனையும் வதங்காத கசப்பும் அப்படியே நிற்கும். கசூரி மேத்தி இல்லாத நாளில், பச்சைக்கீரையை வெங்காயத்தோடு முதலிலேயே வதக்கிவிடுங்கள். அது கீரை கிரேவியாக இருக்கும். அந்த ஓட்டல் மணம் வராது.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்க் காற்றில் பிரித்த பை சீக்கிரம் நமுத்துவிடும். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். ஈர ஸ்பூன் கூடாது. ஒரு சிட்டிகையைத் தேய்த்துப் பாருங்கள். நொறுங்காமல் துவண்டாலோ, மணமில்லாமல் வைக்கோல் போலிருந்தாலோ அது இனி கசக்க மட்டும்தான் செய்யும்.

இப்போது எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த பாட்டில் நிற்கிறது. அதன் மூடியில் மாமியார் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘அடுப்பை அணைக்கும் முன்.’