பெட்டி கட்டும் முன் ஒரு கணக்கு

தம்பி, செந்துறைப் பக்கம் ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால், சிங்கப்பூரிலோ துபாயிலோ மலேசியாவிலோ ஒரு ஆள் இல்லாத வீடு குறைவு. பெரம்பலூர்ப் பக்கம் லெப்பைக்குடிக்காட்டிலும் இதே கதைதான். எல்லாரும் திருச்சி விமான நிலையத்தில் இறங்கித்தான் ஊருக்கு வருகிறீர்கள். வேலை தேடுவது, பணம் அனுப்புவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஊருக்கு வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்க மேசையில் போய் விழிக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்லலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விமானக் கம்பெனி 30 கிலோ என்று சொல்வது எடைக் கணக்கு. சுங்கத்துக்குப் பெட்டியின் எடை பொருட்டே இல்லை. அவர்கள் பார்ப்பது விலை. "முப்பது கிலோவுக்குள்தானே கொண்டுவந்தேன்" என்று அதிகாரியிடம் வாதாடுகிறவனுக்கு அங்கே பதில் கிடைக்காது.

2016 ஏப்ரல் முதல் தேதியில் வந்த பயணச் சாமான் விதிகளின்படி, ஒரு ஆளுக்கு 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் வரைக்கும் 2026 பிப்ரவரி 1 வரை வரி இல்லாமல் இருந்தது. நீ உடுத்தி, பயன்படுத்திப் பழகிய துணிமணி இந்தக் கணக்கில் சேராது. வரம்புக்கு மேல் போனதற்கு, சலுகைக்குள் வரும் பொருள் எதுவானாலும் ஒரே விகிதம்: 35 சதவீதம் சுங்க வரி, அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. ஆக மொத்தம் 38.5 சதவீதம். வரி மொத்த விலைக்கு இல்லை, மேலே போன பணத்துக்கு மட்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் பயப்படுகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு வருஷம் கழித்து 2024 பொங்கலுக்கு வந்தான். தம்பிக்கு ஒரு புது போன், 65,000. அக்கா வீட்டுக்கு, மாமா வீட்டுக்கு என்று சென்ட், சோப்பு, 12,000. பால் பவுடர், சாக்லெட், கோடாலித் தைலம் இதெல்லாம் 8,000. கூட்டினால் 85,000. இதில் 50,000 கழிந்தால் மிச்சம் 35,000. அதில் 35 சதவீதம் 12,250. அதில் பத்தில் ஒன்று 1,225. மொத்தம் 13,475 ரூபாய். இது வரைக்கும் அவனே மனக்கணக்கில் போட்டு வைத்திருந்தான், கெட்டிக்காரன்.

அவன் போடாத கணக்கு டிவிக்கு. அப்பா பார்க்கட்டும் என்று 43 இஞ்ச் டிவி ஒன்றையும் அட்டைப்பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்திருந்தான், விலை 30,000. தட்டையான டிவிக்குச் சலுகையே கிடையாது. 2013 ஆகஸ்ட் 26 முதல் அப்படித்தான். அதற்கு முன்னால் சலுகைக்குள் அடக்கி ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள், அதைப் பார்த்துத்தான் அரசு கதவை அடைத்தது. ஆகவே 30,000 முழுவதுக்கும் 38.5 சதவீதம், அதாவது 11,550. இரண்டையும் சேர்த்து 25,025 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்தான். டிவியின் அடக்கவிலை 41,550 ஆகிவிட்டது. அரியலூர்க் கடையில் தவணைக்கே வாங்கியிருக்கலாம், வாரண்டியும் உள்ளூரிலேயே கிடைத்திருக்கும். ஊருக்குப் போகும்போது பெரிய பெட்டியோடு இறங்க வேண்டும் என்கிற ஆசைக்கு அவன் கொடுத்த விலை அது. டிவி மட்டுமல்ல, நூறுக்கு மேற்பட்ட சிகரெட்டும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட மதுவும் தங்கக் கட்டியும் காசும்கூட இந்தச் சலுகைக்கு வெளியே நிற்பவை.

நகைக்கு ஒரு தனிக் கதை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் ஆபரணம் வரி இல்லாமல் என்று 2016 விதியில் இருந்தது. கூடவே ஒரு கடிவாளமும் இருந்தது: ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் என்று. விதி வந்தபோது இரண்டு அளவும் ஏறக்குறையப் பொருந்தி நின்றன. பிறகு தங்கம் ஏறியது, கடிவாளம் ஏறவில்லை. 2024 மார்ச்சில் ஒரு பவுன் 50,000-ஐத் தாண்டியபோது, ஊர்க்கடை விலைக்குப் பார்த்தால் இரண்டரைப் பவுன் சலுகை ஒரு பவுனுக்கும் கீழே வந்துவிட்டது. "இருபது கிராம் கொண்டுவரலாம்டா" என்று ஊரில் சொல்லக் கேட்டு முஸ்தபாவில் சங்கிலி வாங்கியவர்கள் மேசையில் சிக்கினது இப்படித்தான். பாதி விதியைக் கேள்விப்படுவது முழுசாகத் தெரியாததைவிட ஆபத்து.

இனி முக்கியமான ஒன்று. இந்தச் சலுகை உன் பாஸ்போர்ட்டுக்கு உரியது. கணவன் மனைவி சேர்ந்து வந்தாலும் ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு கூட்டி, ஒரே விலையுயர்ந்த பொருளுக்குக் காட்ட முடியாது. ஆனால் இதை வாடகைக்குக் கேட்கிற ஆட்கள் உண்டு. "டிக்கெட் நாங்கள் போடுகிறோம், இந்த ஒரு பை மட்டும்" என்று வருவார்கள். குருவி என்று ஊரில் பெயர். பையில் பத்து போன் இருந்தால் அது உன் சாமான் இல்லை, வியாபாரச் சரக்கு. சலுகை அதற்குப் பொருந்தாது. அந்தப் பையை உன் பெயரில் பிடித்தால் பொருளும் போகும், அபராதமும் உன் தலையில் விழும், கொடுத்தவன் போனை எடுக்க மாட்டான். நீயே கட்டாத பெட்டியை உன் பெயரில் ஏற்றாதே, கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் பிரித்துப் பார்.

வரி கட்ட வேண்டியது இருந்தால் சிவப்பு வழியில் போ. சிவப்பு என்றதும் குற்றவாளி வரிசை என்று நினைத்துவிடுகிறார்கள். அது கடைக் கல்லாதான். பில்லைக் காட்டி, பணத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு போகலாம். பில் இல்லாவிட்டால் விலையை அவர்கள் மதிப்பிடுவார்கள், தள்ளுபடியில் வாங்கியது உனக்கு மட்டும்தான் தெரியும். கட்டப் பணம் இல்லையென்றால்கூட, உண்மையைச் சொன்னவன் பொருளை அங்கேயே ஒப்படைத்து ரசீது பெற்று, திரும்பிப் போகும்போது எடுத்துப்போகக் கேட்கலாம். சுங்கச் சட்டம் 80-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பச்சை வழியில் நழுவப் பார்த்து மாட்டியவன் அந்தச் சௌகரியத்தை எதிர்பார்க்கக் கூடாது. அவன் பொருளைப் பறிமுதல் செய்யலாம். மீட்க வரியோடு மீட்புத்தொகையும் அபராதமும் கேட்பார்கள்.

நான் சொன்ன தொகைகளை மனப்பாடம் செய்துகொள்ளாதே. 2026 பிப்ரவரி 2 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்து, 50,000 என்பது 75,000 ஆகிவிட்டது. நகைக்கு இருந்த ரூபாய் வரம்பையும் எடுத்துவிட்டு எடையை மட்டும் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் போடுகிற அன்றே சுங்கத்துறை இணையதளத்தில் பயணிகளுக்கான பக்கத்தைத் திறந்து, அன்றைய வரம்பையும் அன்றைய விகிதத்தையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ.